ஹோஸ்ட் குடும்பத்துக்கு நன்றிக் கடிதம்: தமிழில் எழுதி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா போய், ஒரு கல்வியாண்டு அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் சிலர், ஊருக்கு வந்ததும் ஒரு தாளோடு என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் அம்மா தமிழில் எழுதிய தாள். "மிஸ், இதை இங்கிலீஷ்ல மாத்தணும்." வருஷா வருஷம் அதே சந்தேகங்கள் வருவதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததுமே வாட்ஸ்அப்ல தேங்க்ஸ் சொல்லியாச்சு. அப்புறமும் எதுக்கு மிஸ் கடிதம்?

பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்ற தகவலோடு சேர்ந்து போன தேங்க்ஸ் அது. அவர்கள் செய்ததற்கு அது போதாது. ஜே-1 விசாவில் பள்ளிப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளும் அமெரிக்கக் குடும்பங்களுக்கு அதற்காகச் சம்பளமோ வாடகையோ கிடையாது. பணம் தரக் கூடாது என்பதே அந்த நாட்டு விதி. வருமான வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம், அதுவும் சில நிபந்தனைகளோடு. ஒரு பதினாறு வயதுப் பிள்ளை பத்து மாதம் சாப்பிடும் சாப்பாட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் அம்மா சோறு போட்டால் நன்றி சொல்வதில்லை. சொன்னால் "என்னடா, அந்நியமா பேசற" என்பார்கள். அங்கே மேஜையில் உப்பு டப்பாவை நகர்த்திக் கொடுத்தாலும் தேங்க் யூ உண்டு. அந்த வீட்டைச் சொந்த வீடாகவே நினைத்துவிட்ட பிள்ளை, அதனாலேயே வாய்விட்டு நன்றி சொல்லாமல் பத்து மாதத்தைக் கழித்திருக்கும். நமக்கு அது நெருக்கம். அவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடிதத்தில் இதையே ஒரு வரியாக எழுதலாம். எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரெண்டு மாசம் ஆயிடுச்சே. இனிமே அனுப்பினா அசிங்கமா இருக்காதா?

இருக்காது. வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் எழுதினால் நினைவு பச்சையாக இருக்கும் என்பது மட்டும்தான் சீக்கிரம் எழுதுவதன் லாபம். தாமதமாகிவிட்டதா, "முன்பே எழுதியிருக்க வேண்டும்" என்று ஒரே வரி. காய்ச்சல், மறுதேர்வு, ஸ்கூல் அட்மிஷன் என்று காரணங்களை அடுக்கினால் நன்றிக் கடிதம் லீவ் லெட்டர் ஆகிவிடும்.

ரொம்பவே தாமதம் என்றால் தேங்க்ஸ்கிவிங்குக்குப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். குடும்பமாக விருந்துக்கு உட்காரும் பண்டிகை, நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அது. போன வருடம் அதே மேஜையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கடிதம் அன்றைக்கு அங்கே வாசிக்கப்படும்.

நேரா இங்கிலீஷ்லயே எழுதிட்டா என்ன? பத்து மாசம் அங்கதானே இருந்தேன்.

உனக்கு ஆங்கிலம் வரும் என்பதுதான் சிக்கலே. நேராக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால், பேனா நம் பள்ளிக்கூட மாதிரிக் கடிதத்துக்குப் போய்விடுகிறது. "தேங்க் யூ ஃபார் யுவர் கைண்ட் ஹாஸ்பிடாலிட்டி" என்று ஆரம்பித்து நாலு வரியில் முடிந்துவிடும். இலக்கணம் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தக் கடிதத்தை உலகத்தில் எந்தப் பிள்ளையும் எந்தக் குடும்பத்துக்கும் அனுப்பலாம்.

தமிழில் எழுதும்போது நினைவு வேறு வழியில் வருகிறது. சமையலறை ஜன்னல், கராஜ் கதவின் சத்தம், பனியில் வழுக்கி விழுந்த அன்று யார் முதலில் ஓடிவந்தார்கள் என்பது. அதை முதலில் தாளில் இறக்கு. ஆங்கிலம் அப்புறம்.

அம்மா எழுதறதா, நான் எழுதறதா?

இரண்டு பேரும், தனித்தனித் தாளில், ஒரே உறையில். உன் கடிதம் வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அம்மாவின் கடிதத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இவ்வளவு நாளும் வீடியோ காலில் சிரித்து, கும்பிட்டு, "தேங்க்யூ தேங்க்யூ" என்று இரண்டு சொல்லோடு நின்றுபோன ஒரு பெண்மணி முதல்முறையாக முழு வாக்கியத்தில் பேசுகிறார். எனவே மொழிபெயர்ப்பில் நேரம் செலவழிக்க வேண்டியது அந்தத் தாளுக்குத்தான். இனி வரும் கேள்விகள் பெரும்பாலும் அம்மாக்களின் கடிதத்தைப் பற்றியவை.

"அன்புள்ள சகோதரி அவர்களுக்கு"ன்னு அம்மா ஆரம்பிச்சிருக்காங்க. "டியர் சிஸ்டர்"னு போட்டுடலாமா?

வேண்டாம். அந்த ஊர்க் காதுக்கு அது கன்னியாஸ்திரியை அழைப்பது போலக் கேட்கும். "ரெஸ்பெக்டட் மேடம்" நம் ஊர் அலுவலக ஆங்கிலம். "டியர் சார் ஆர் மேடம்" வங்கியிலிருந்து வரும் கடிதம். இந்த மூன்றையும் தள்ளினால் மிஞ்சுவது "டியர்", பிறகு அவர்களுடைய முதல் பெயர். பெயர் சொல்லி அழைப்பதா என்று அம்மா தயங்குவார். அங்கே சம வயதுக்காரர்கள் பெயர் சொல்லி அழைப்பதுதான் மரியாதைக்குள் அடங்கிய வழக்கம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அதற்காகச் சகோதரி என்ற சொல்லைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடிதத்துக்குள் கொண்டுபோய் விளக்கமாக வைக்கலாம்: "எங்கள் மொழியில் உங்களைப் போன்றவரைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம். நான் மனதுக்குள் உங்களை அக்கா என்றுதான் அழைக்கிறேன்." அந்த "அக்கா"வை ஒலிபெயர்ப்பாக அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளையின் கடிதத்தில் விதி இன்னும் எளிது. அந்த வீட்டில் எப்படிக் கூப்பிட்டாயோ, மாம் என்றோ பெயர் சொல்லியோ, கடிதத்திலும் அப்படியே கூப்பிடு. திடீரென்று மிஸ்டர், மிஸஸ் என்று மாறினால் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள்.

"நலம், நலமறிய ஆவல்" இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?

எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ஒரு வரி போதும். அல்லது விட்டுவிடலாம். தமிழ்த் தாளில் மட்டும் அது இருக்கட்டும். அது இல்லாமல் அம்மாவுக்குக் கை ஓடாது.

வரிக்கு வரி சரியாத்தான் மாத்தியிருக்கேன். ஆனா படிச்சா ஏதோ மாதிரி இருக்கு. எங்க தப்பு?

தப்பு ஆங்கிலத்தில் இல்லை, தமிழிலேயே இருக்கிறது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு மாணவி ஐயோவா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் பத்து மாதம் இருந்துவிட்டு வந்தாள். அவளுடைய அம்மா எழுதிய முதல் தாள் இப்படி இருந்தது: "உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை. என் மகளைச் சொந்த மகளாகப் பார்த்துக்கொண்டீர்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டீர்கள். இந்த உதவியை ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம். ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்." தமிழில் படித்தால் ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு வரியும் நாம் கேட்டுப் பழகிய வரி. பழகிய வரியின் சூட்டை வரியே தராது, நாம்தான் ஏற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்தச் சூடு போய்விடுகிறது. வார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாரே என்பதுதான் மிச்சமாகத் தெரியும்.

ஆகவே திருத்தத்தைத் தமிழில் செய்ய வேண்டும். அந்த அம்மாவை உட்கார வைத்து, "சொந்த மகளாகப் பார்த்துக்கிட்டாங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மகளிடமிருந்து போன் வரும். அங்கே அப்போது காலை ஒன்பதரை. நவம்பரில் ஒரு ஞாயிறு எட்டு மணிக்கு வரவில்லை, எட்டரைக்கும் வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாராம். ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. மகள் பேசுவதற்குள் அந்த வீட்டு அம்மாவே திரையில் வந்து, சமையலறைச் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி எடுத்து, கேமராவுக்கு முன்னால் பிடித்து, பெரிய முள்ளை ஒரு சுற்றுப் பின்னால் திருப்பிக் காட்டினார். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பது இவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை புரியாமலே எல்லாம் புரிந்துவிட்டது. "நான் பயந்திருப்பேன்னு அவங்களுக்குத் தோணிச்சே மிஸ், அதான்" என்றார்.

அதைத்தான் எழுதச் சொன்னேன். "வார்த்தைகளே இல்லை" போயிற்று, ஏழு ஜென்மம் போயிற்று. கடிகாரமும், சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் வந்தன. ஆங்கிலத்தில் கொண்டுவர எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கடிகாரம் எந்த மொழியிலும் கடிகாரம்தான். உங்கள் தாளிலும் "அன்பாக", "பாசமாக", "நன்றாக" என்ற சொற்களை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் "எந்த நாள், எந்த இடம், என்ன செய்தார்கள்" என்று கேளுங்கள். மூன்று வட்டத்துக்குப் பதில் கிடைத்தால் போதும், கடிதம் நிறைந்துவிடும்.

"ஸ்கூல் விட்டு வந்ததும் சாப்பிட்டியான்னு கேட்பீங்க" இதை "யூ வில் ஆஸ்க்"னு போட்டிருக்கேன். சரிதானே?

இல்லை, இனிமேல் கேட்கப் போகிறார் என்று ஆகிவிடும். தமிழில் எதிர்கால வினை பழைய வழக்கத்தையும் சொல்லும். "அந்தக் காலத்தில் தாத்தா திண்ணையில் உட்காருவார்" என்கிறோமே, அதுபோல. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு "யூ வுட் ஆஸ்க்" அல்லது "யூ யூஸ்டு டு ஆஸ்க்" வர வேண்டும். நன்றிக் கடிதத்தில் பாதி வரிகள் வழக்கத்தைச் சொல்பவைதான்: கொண்டுவந்து விடுவீர்கள், காத்திருப்பீர்கள், சிரிப்பீர்கள். ஆகவே இந்த ஒரு பிழை நுழைந்தால் கடிதம் முழுக்கப் பரவிவிடும். முடித்தபின் "வில்" என்ற சொல்லை மட்டும் தேடிப் பார்த்து ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

"சாப்பிட்டியா" என்பதையும் சும்மா விடாதீர்கள். நமக்கு அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியே இல்லை. நம் ஊரில் பிள்ளையை விசாரிப்பது அந்தச் சொல்லால்தான் என்று அரை வரி சேர்த்தால், தினமும் கேட்ட கேள்விக்கு நம் வீட்டில் இருக்கும் எடை அவர்களுக்குத் தெரியும்.

"தெரியாம ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க"ன்னு முடிக்கலாம்ல? எல்லாரும் அப்படித்தானே முடிப்போம்.

நமக்கு அது விடைபெறும் பணிவு. அங்கே படிப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன ஆச்சு? நமக்குத் தெரியாமல் ஏதோ நடந்திருக்கிறதா?" என்று யோசிப்பார். பொதுவாகக் கேட்கும் மன்னிப்பு அங்கே சந்தேகத்தைக் கிளப்பும். "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்" என்பதும் அப்படித்தான்.

பணிவு வேண்டுமென்றால் நிஜமாக நடந்த ஒரு சின்னத் தப்பைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மேலே சொன்ன மாணவி, போன முதல் மாதம் டிஷ்வாஷரில் அதற்கான பொடிக்குப் பதிலாகக் கையால் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஊற்றிவிட்டாள். கதவிடுக்கு வழியாக நுரை வந்து தரையெல்லாம் பரவியது. அந்த வீட்டு அப்பா ஒரு துண்டை அவளிடம் வீசி, தானும் ஒரு துண்டோடு மண்டி போட்டார். "அன்றைக்கு நீங்கள் திட்டவில்லை, சிரித்தீர்கள்" என்று அவள் தன் தாளில் எழுதினாள். மன்னிப்பும் நன்றியும் ஒரே வரியில் முடிந்தன.

"நீங்க எங்களுக்கு தெய்வம் மாதிரி"ங்கிற வரியை அம்மா எடுக்கவே கூடாதுங்கிறாங்க.

அந்தக் குடும்பம் சர்ச்சுக்குப் போகிற குடும்பமாக இருந்தால் இந்த வரி அவர்களை நெளிய வைக்கும். மனிதரைக் கடவுளோடு ஒப்பிடுவது நமக்கு உயர்த்திச் சொல்வது. அவர்களில் பலருக்கு அது கூடாத பேச்சு. அம்மாவோடு சண்டை போட வேண்டாம். தமிழ்த் தாளில் இருக்கட்டும், ஆங்கிலத்தில் "சாமி கும்பிடும்போது உங்கள் குடும்பத்தின் பெயரையும் சொல்கிறேன்" என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் அதை நிஜமாகவே செய்கிறார்கள் என்பதால் உடனே ஒத்துக்கொள்வார்கள். வேறு மதத்தவர் தங்களுக்காகப் பிரார்த்திப்பதை அந்தக் குடும்பம் சந்தோஷமாகவே எடுத்துக்கொள்ளும். அம்மாவுக்குத் தெரியாமல் மட்டும் எதையும் மாற்றாதீர்கள். கையெழுத்து அவருடையது.

"நம்ம வீட்டுக்கு ஒரு தடவை வாங்க" இதுல என்ன கஷ்டம்? "கம் டு அவர் ஹவுஸ்" அவ்வளவுதானே?

எனக்குப் பிடித்த கேள்வி இது. தமிழில் "எங்க வீடு" வேறு, "நம்ம வீடு" வேறு. "எங்க வீட்டுக்கு வாங்க" என்றால் கேட்பவர் விருந்தாளி. "நம்ம வீட்டுக்கு வாங்க" என்றால் கேட்பவருக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "அவர்" ஒன்றுதான், படிப்பவர் அதை "எங்க" என்றே எடுத்துக்கொள்வார். அம்மா யோசித்துப் போட்ட ஒற்றைச் சொல், கடிதத்திலேயே பெரிய சொல், சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

இரண்டு வழி இருக்கிறது. "இந்தியாவில் உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது, எப்போது வருகிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் போடலாம். "யுவர் ஹோம் இன் இந்தியா" என்றால் பங்கு தெரிந்துவிடும். அல்லது தமிழில் இரண்டு "அவர்" உண்டு, இந்த இடத்தில் நான் எழுதியிருப்பது உங்களையும் சேர்த்துக்கொள்ளும் சொல் என்று விளக்கமாகவே எழுதலாம். இரண்டாவது வழி கொஞ்சம் நீளம். ஆனால் மொழியில் ஆர்வமுள்ள குடும்பமென்றால் அந்த வரியைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு உறவுக்காரச் சிக்கல் ஒன்று, "போய் வருகிறேன்". கடிதத்தின் கடைசியில் இதை அப்படியே மாற்றினால் எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய் என்று கேட்டுப் பதில் வரும்.

குறள் ஒண்ணு போடணும்னு அப்பா சொல்றார். "செய்ந்நன்றி அறிதல்"லேர்ந்து.

போடலாம், ஒன்றே ஒன்று. ஆனால் "நன்றி" என்ற சொல்லைப் பார்த்ததும் "தேங்க்ஸ்" என்று எழுதிவிடாதீர்கள். குறளில் நன்றி என்றால் நல்லது, செய்த உதவி. செய்ந்நன்றி அறிதல் என்பது ஒருவர் செய்த நல்லதை உணர்ந்திருப்பது. 102-ஆவது குறளில் "காலத்தினால் செய்த நன்றி" என்று வருவது வேண்டிய நேரத்தில் செய்த உதவி. அதை "சரியான நேரத்தில் சொன்ன தேங்க்ஸ் உலகத்தைவிடப் பெரிது" என்று ஒரு பையன் மாற்றிக் கொண்டுவந்தான். தன் நன்றியையே தான் புகழ்ந்துகொண்டதாக ஆகிவிட்டது!

சின்ன உதவியானாலும் வேண்டிய நேரத்தில் செய்தது உலகத்தைவிடப் பெரிது என்பதுதான் பொருள். குறளைத் தமிழில் எழுதி, கீழே இந்தப் பொருளை ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குமேல் திருவள்ளுவர் அறிமுகமெல்லாம் வேண்டாம். கடிதத்தில் கடிகாரம் மாதிரி ஒரு சம்பவம் இருந்தால் குறளை அதற்கு அடுத்து வையுங்கள், அங்கே அது தானாகப் பொருந்தும். சம்பவமே இல்லாத கடிதத்தில் குறளும் இன்னொரு பழகிய வரிதான்.

எனக்காக நிறைய செலவு பண்ணாங்க. அதை எழுதலாமா?

தொகையாக எழுத வேண்டாம். "நிறையச் செலவு செய்தீர்கள்" என்றால் கணக்குப் பார்த்தது போல இருக்கும். வாங்கிக் கொடுத்த பொருளை எழுதுங்கள்: பனிக்காலத்துக்கு வாங்கிய பூட்ஸ், இந்தியக் கடையைத் தேடிப் போய் வாங்கிவந்த பருப்பு.

இங்கிலாந்தில் மொழிப்பள்ளி வழியாக ஹோம்ஸ்டே இருந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே குடும்பத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று பணம் போகிறது. "ஒரு பைசா எதிர்பார்க்காமல்" என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் சங்கடம். பணத்துக்கு உட்படாத ஏதோ ஒன்றை அவர்கள் செய்திருப்பார்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னா எங்களுக்குள்ள ஒத்தே போகலை. பாதியில வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. முதல் குடும்பத்துக்கும் எழுதணுமா?

எழுதலாம், சின்னதாக. வீடு மாறுவது இந்தத் திட்டங்களில் எப்போதும் நடக்கிற விஷயம். பொய் எழுத வேண்டாம், வழக்கு நடத்தவும் வேண்டாம். முதல்நாள் ஏர்போர்ட்டில் உன் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார்கள் என்றால் அது நடந்ததுதானே? அதற்கு நன்றி சொல்லி நாலு வரியில் முடித்துவிடு. "எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா" என்றெல்லாம் போட்டால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும்.

உண்மையிலேயே மோசமாக நடத்தினார்கள், பயமாக இருந்தது என்றால் கடிதமே வேண்டாம். அதைச் சொல்ல வேண்டிய இடம் திட்டத்தை நடத்தும் அமைப்பு. அம்மா மரியாதைக்காக எழுதச் சொன்னாலும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இங்கிலீஷ் மட்டும் அனுப்பினா போதாதா? தமிழ் அவங்களுக்குப் படிக்கவா தெரியும்?

தமிழ்த் தாளையும் கட்டாயம் வையுங்கள், அம்மாவின் கையெழுத்திலேயே. ஆங்கிலத் தாள் நீ எழுதியது. அம்மா எழுதியது இதுதான். இரண்டு தாளிலும் பத்திகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே எண் போட்டால், எந்தப் பத்தி எது என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தன் பெயரை இன்னோர் எழுத்தில் பார்ப்பது சின்னப் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. தமிழ்த் தாளில் மேல்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி போட மறக்காதீர்கள்.

ஆங்கிலத் தாளின் அடியில் "அம்மா தமிழில் எழுதியது, நான் மொழிபெயர்த்தேன்" என்று ஒரு வரியும் வேண்டும். எங்காவது உன் ஆங்கிலம் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தை அம்மாவின் தலையில் வைக்க மாட்டார்கள்.

கவர்ல கொஞ்சம் விபூதி குங்குமம் மடிச்சு வைக்கிறாங்க பாட்டி. பரவாயில்லையா?

கூடாது. 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடியை உறையில் வைத்து அனுப்பி உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. அதிலிருந்து உறையிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டினால் அங்கே யாரும் அதைப் பிரசாதம் என்று நினைப்பதில்லை. பாட்டியிடம், தபாலில் போனால் பொடி கீழே சிந்திக் கால் படும் என்று சொல்லுங்கள், உடனே எடுத்துவிடுவார். தாளும் போட்டோவும் மட்டும் இருந்தால் சுங்கப் படிவம் எதுவும் இல்லாமல் சாதாரணத் தபாலில் போகும். பொருள் ஏதாவது சேர்ந்தால் கதையே வேறு.

தேதியை மாதத்தின் பெயரோடு எழுதுங்கள். 06/07 என்றால் நமக்கு ஜூலை ஆறு, அவர்களுக்கு ஜூன் ஏழு.

கடிதம் போட்டு ஒன்றரை மாசம் ஆச்சு. பதிலே இல்லை. பிடிக்கலையோ?

நன்றிக் கடிதத்துக்குப் பதில் எழுதும் வழக்கம் அங்கே இல்லை. நன்றிக்கு நன்றி என்றால் அது முடிவே இல்லாமல் போகும். கிடைத்ததா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால், வேறு ஏதாவது பேசும்போது பேச்சோடு பேச்சாகக் கேள்.

திண்டுக்கல் அம்மாவுக்கும் கடிதமாகப் பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மகளின் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு. அதில் பல்பொருள் அங்காடியின் கூப்பனுக்கும் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அட்டைக்கும் நடுவில், காந்த வில்லையில் மாட்டிய தமிழ்த் தாள், தலைகீழாக. அந்த அம்மா போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தன் கடிதத்தைத் தானே முழுக்க ஒருமுறை படித்தார். அம்புக்குறி போடச் சொல்வது அதிலிருந்துதான்.